சமமாக இல்லாத பாட்டு வரிகளைத் தாளத்துக்குள் கொண்டுவருவது எப்படி

பாட்டை முதலில் எழுதும்போது வரிகள் பொருளைப் பின்தொடர்ந்து நீண்டும் குறுகியும் வரும். எழுதியதைப் படித்தால் நன்றாகத்தான் இருக்கும். பாடிப் பார்த்தால் ஒரு வரியில் வாய் ஓட வேண்டியிருக்கிறது, இன்னொரு வரியில் சொல் தீர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோர் உடனே வார்த்தைகளை எண்ணிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அது உதவாது. ஐந்து வார்த்தை கொண்ட வரி நான்கு வார்த்தை வரியைவிடக் குறுகியதாக இருக்கலாம். எழுத்துகளை எண்ணினாலும் இதே கதைதான். எண்ண வேண்டியது மாத்திரை. மாத்திரைக் கூட்டல் சரியாக வந்த பிறகும் பார்க்க ஒன்று மிச்சமிருக்கிறது: எந்தச் சொல்லின் தலையில் தட்டு விழுகிறது என்பது.

கீழே ஒரு நான்கு வரிப் பல்லவியை எடுத்துக்கொண்டு, முதல் படியிலிருந்து பாடும் நிலை வரை கொண்டுபோகலாம். தாளம் ஆதி, நடை சதுஸ்ரம், அதாவது தட்டு ஒன்றுக்கு நான்கு மாத்திரை. ஒரு வரிக்கு நான்கு தட்டு, ஆக 16 மாத்திரை. இரண்டு வரி பாடினால் எட்டுத் தட்டு முடிந்து ஓர் ஆவர்த்தனம் நிறையும்.

முதல் படி இது:

மழையில் நனைந்த வாசல் எங்கே
நாம் அன்று சேர்ந்து விளையாடிய திண்ணை எங்கே
அம்மா கை மணம்
இன்னும் என் மூச்சுக்குள்ளே தங்கியிருக்கிறதே

எண்ணும் முறை

இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பாட்டுக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டால் அரை அரையாகச் சிதறும். சந்தப் பாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. தனிக் குறில் ஒன்று. நெடில் இரண்டு. குறிலோடு ஒற்று சேர்ந்தால் இரண்டு. நெடிலோடு ஒற்று சேர்ந்தாலும் இரண்டுதான், மூன்றல்ல. "எங்" இரண்டு, "கே" இரண்டு. "சேர்ந்" என்பதில் இரண்டு ஒற்று வந்தாலும் இரண்டு.

தடுமாற வைப்பது ஐகாரம். "கை", "மை" போலச் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் இரண்டு. "மழை", "திண்ணை" போல நடுவிலோ கடைசியிலோ வந்தால் பேச்சில் குறுகிவிடுகிறது, ஆகவே ஒன்று. தேவைப்பட்டால் சொல்லின் கடைசி ஐகாரத்தை இரண்டாக நீட்டிப் பாடலாம், காது மறுக்காது. ஆனால் "மழையில்" என்பதை "மழைஐயில்" என்று நடுவில் நீட்டினால் சொல் உடைந்துபோகும்.

இந்தக் கணக்கில் முதல் வரியைத் தட்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள்:

மழையில் (1+1+2) | நனைந்த (1+2+1) | வாசல் (2+2) | எங்கே (2+2)

நான்கு தட்டு, 16 மாத்திரை. ஒவ்வொரு தட்டும் ஒரு சொல்லின் முதல் எழுத்தில் விழுகிறது. இந்த வரி தானாகவே அமைந்துவிட்டது, ஆகவே இதுதான் அளவுகோல். இதைத் தத்தகாரமாகவும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தனனா தனந்த தானா தானா. மெட்டு முதலில் வந்து பாட்டு பிறகு எழுதுகிறீர்கள் என்றால் அளவுகோலை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மெட்டைத் தத்தகாரமாகப் பாடி எழுதிக்கொண்டு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

மற்ற மூன்று வரிகளின் கணக்கு: இரண்டாவது 21, மூன்றாவது 9, நான்காவது 24. எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

கூட்டல் சரி, பாட்டு தப்பு

இரண்டாம் வரியில் ஐந்து மாத்திரை அதிகம். "நாம்" இரண்டு, "சேர்ந்து" மூன்று. இரண்டையும் எடுத்துவிட்டால் கச்சிதமாக 16 வருகிறது:

அன்று விளையாடிய திண்ணை எங்கே

இங்கேதான் பலரும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். கையால் தட்டியபடி, தட்டு விழும் எழுத்தை அழுத்திப் படித்துப் பாருங்கள்:

அன்று வி | ளையாடி | ய திண்ணை | எங்கே

இரண்டாம் தட்டு "ளை" மேல் விழுகிறது, மூன்றாம் தட்டு "ய" மேல். கேட்பவர் காதில் "அன்றுவி" என்று ஒரு சொல்லும் "ளையாடி" என்று ஒரு சொல்லும் போய்ச் சேரும். பாடுபவர் நன்றாகப் பாடினாலும் இது மாறாது. தட்டு எங்கே விழுகிறதோ அங்கே சொல் தொடங்குவதாகத்தான் காது எடுத்துக்கொள்கிறது. சொல் இரண்டு தட்டுக்குப் பரவுவது குற்றமல்ல, நீண்ட சொற்களுக்கு வேறு வழியும் இல்லை. தொடங்கும் இடம் தட்டிலிருந்து நழுவுவதுதான் கோளாறு.

ஆகவே வெட்டுவதை விட்டு, சொல்லையே மாற்ற வேண்டும். "விளையாடிய" ஆறு மாத்திரை. நான்கு நான்காகப் போகும் வரியில் ஆறு மாத்திரைச் சொல் எங்கே உட்கார்ந்தாலும் அடுத்த சொல்லைத் தட்டின் நடுவுக்குத் தள்ளிவிடும். அதே பொருளை நான்காகவோ எட்டாகவோ சொல்ல முடியுமா? "ஆடிக் களித்த" எட்டு.

ஆடிக் | களித்த | திண்ணை | எங்கே

"களித்த" என்பது 1+2+1. முதல் வரியின் இரண்டாம் தட்டில் இருக்கும் "நனைந்த" என்பதும் 1+2+1. இரண்டு வரிகளிலும் ஒரே இடத்தில் ஒரே அசைவு வருவதால் மெட்டு ஒட்டிக்கொள்கிறது. "திண்ணை" மூன்றுதான், ஒன்று குறைகிறது. கடைசி ஐகாரத்தை நீட்டி நான்காக்கிக்கொள்ளலாம்.

"ஆடிக்" என்பதில் இருக்கும் "க்" வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம் இல்லை. "ஆடி களித்த" என்று எழுதினால் "ஆடி" மூன்று மாத்திரை, முதல் தட்டில் ஓர் இடம் காலி. ஒற்று வந்ததும் நான்காகிறது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் விட்டுவிட்டால் இங்கே சந்திப்பிழையோடு தாளமும் ஒரு மாத்திரை குறைகிறது. மெட்டுக்கு ஒன்று போதவில்லை என்று வரும்போது முதலில் இதைத் தேடுங்கள், விட்டுப்போன ஒற்று ஒன்று எங்காவது கிடைக்கும். அதற்காக மிகக் கூடாத இடத்தில் ஒற்றைச் செருகக் கூடாது.

நீண்ட வரியைக் குறைப்பது

நான்காம் வரி 24 மாத்திரை. இதில் வேடிக்கை என்னவென்றால் அது ஆறு தட்டுக்குச் சரியாக நிறைகிறது. ஆறு தட்டு வரி தனியாகப் பாடினால் சுகமாகவே போகும், நான்கு தட்டு வரிகளுக்கு நடுவே வைத்தால்தான் தாளம் இடறும். இதை வேகமாகப் பாடி நான்கு தட்டுக்குள் திணிப்பது ஒரு வழி என்று தோன்றும். தட்டுக்கு ஆறு மாத்திரை விழும். மற்ற வரிகள் நடக்க, இது மட்டும் ஓடும், உருக்கமான வரி ஓடினால் உருக்கம் போய்விடும்.

குறைக்கும்போது எதிலிருந்து தொடங்குவது? பொருளைத் தாங்காமல் இலக்கணத்தை மட்டும் தாங்கும் பகுதியிலிருந்து. தமிழில் மாத்திரையைத் தின்பவை பெரும்பாலும் வேர்ச்சொற்கள் இல்லை, அவற்றின் வால்கள். "தங்கியிருக்கிறதே" பத்து மாத்திரை. அதில் "தங்கி" மூன்று, மிச்சம் ஏழும் காலத்தைச் சொல்லப் போகிறது. "மூச்சுக்குள்ளே" எட்டு. அதையே "மூச்சில்" என்றால் நான்கு. "என்" இரண்டு, ஆனால் முந்தைய வரியில் அம்மா வந்துவிட்டதால் யாருடைய மூச்சு என்று கேட்க யாரும் இல்லை. இப்படித்தான் வினைமுற்றில் ஆள் தெரியும்போது "நான்", "நீ" போன்றவையும் உதிரும்.

"தங்கும்" என்று போட்டால் நான்கு மாத்திரை அமையும். ஆனால் அது இனிமேல் தங்கும் என்பதுபோல ஒலிக்கிறது, காலம் மாறிவிட்டது. "தங்குதே" என்ற பேச்சு வடிவம் ஐந்து, ஒன்று அதிகம். பேச்சு வடிவத்தை எடுப்பதில் தவறில்லை, "இருக்கிறது" என்பது "இருக்கு" ஆனால் இரண்டு மாத்திரை மிச்சம். ஆனால் ஓர் இடத்தில் எடுத்தால் பாட்டு முழுவதும் அந்த நடையில் போக வேண்டும். "களித்த" என்று எழுதிவிட்டு அடுத்து "குந்திக்கினு" என்று வரக் கூடாது, அவ்வளவுதான். இங்கே காலம் காட்டும் வினையை விட்டுவிட்டு "உண்டு" என்பதால் முடித்தால் காலம் பற்றிய தொல்லையே இல்லை:

மூச்சில் | இன்னும் | மிச்சம் | உண்டே

நான்கு தட்டிலும் நான்கு நான்கு. இதை இப்போதைக்கு வைத்துக்கொள்வோம், பிறகு மீண்டும் தொட வேண்டியிருக்கும்.

ஒரு மாத்திரை மட்டும் குறைத்தால் போதும் என்றால், சொல்லை மாற்றும் முன் புணர்ச்சியைப் பாருங்கள். "காற்று அடித்து" ஏழு, "காற்றடித்து" ஆறு. உகரம் விழுந்ததும் ஒன்று குறைகிறது. தாளில் பிரித்து எழுதியிருந்தாலும் பாடுபவர் சேர்த்துத்தான் பாடுவார், அதனால் எண்ணும்போதே சேர்த்து எண்ணுவது நல்லது. இல்லாவிட்டால் தாளில் 16, வாயில் 15 என்று வரும்.

குறுகிய வரியை நிரப்புவது

மூன்றாம் வரிக்கு ஏழு மாத்திரை வேண்டும். குறைப்பதைவிட இது கடினம், ஏனென்றால் நிரப்ப வரும் சொற்கள் எல்லாம் மலிவாக இருக்கும்: அந்த, ஒரு, தான், நல்ல, இங்கே, அங்கே. அவற்றைப் போட்டால் கணக்கு உடனே அமையும்:

அம்மா | அந்தக் | கையின் | வாசம்

தட்டும் சரி, மாத்திரையும் சரி. ஆனால் "அந்தக்" எந்தக் கை என்று காட்டவில்லை, நான்கு மாத்திரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மெதுவான பாட்டில் ஒரு தட்டு முழுவதையும் பிடிக்கும் சொல்லை எல்லோரும் கவனிப்பார்கள், அதில் ஒன்றுமில்லை என்பதும் தெரிந்துவிடும். வரி குறுகியிருப்பது பெரும்பாலும் அந்த வரியில் இன்னும் காட்சி வரவில்லை என்பதற்கு அடையாளம். அம்மாவின் கை எதனால் மணக்கிறது? பூவா, வெங்காயமா, மஞ்சளா? பதிலைச் சொன்னால் இடம் தானே நிறையும்:

அம்மா | அரைத்த | மஞ்சள் | வாசம்

"அரைத்த" மீண்டும் 1+2+1. இரண்டாம் தட்டில் நனைந்த, களித்த, அரைத்த என்று மூன்று வரிகளிலும் ஒரே அசைவு. இது திட்டமிட்டுச் செய்ய வேண்டியது. மெட்டமைப்பவர் அந்த இடத்தில் ஒரு சின்ன வளைவு போட்டால் மூன்று வரிக்கும் அது பொருந்தும்.

நிரப்பாமல் விடுவதும் ஒரு வழிதான். அம்மா | கையின் | மணமே | என்று மூன்று தட்டு பாடி, நான்காவதைக் கார்வையாக விடலாம். ஆனால் கார்வை எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நெடிலில் நிற்கலாம். ம், ன், ல் போன்ற ஒற்றில் முனகலாக நிற்கலாம். க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் நிற்கவே முடியாது, அந்த ஒற்றைச் சொல்லும்போது காற்று அடைபட்டு ஒலி நின்றுவிடுகிறது. குறில் உகரத்திலும் நீட்டாதீர்கள். "காற்று" என்று முடியும் வரியை நீட்டினால் "காற்றூ" ஆகும், அது சோகப் பாட்டைக்கூடச் சிரிப்பாக்கிவிடும்.

மாற்ற முடியாத சொல் வந்தால்

ஊர்ப் பெயர், ஆள் பெயர், பாட்டின் உயிர்ச்சொல் ஆகியவற்றை வெட்டவோ மாற்றவோ முடியாது. அப்போது அவற்றைச் சுற்றி இருப்பவற்றை நகர்த்த வேண்டும். சரணத்தில் "நம்ம திருநெல்வேலிப் பாதை" என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "நம்ம" மூன்று மாத்திரை. தட்டு நிறைய இன்னொன்று தேவைப்படுவதால் ஊரின் முதல் எழுத்து அங்கே ஒட்டிக்கொள்கிறது: நம்மதி | ருநெல்வேலிப் பாதை. ஊரும் போயிற்று, நிம்மதியும் போயிற்று.

"திருநெல்வேலி" தனியாக ஏழு மாத்திரை, நான்கில் அடங்காது. ஆனால் பின்னால் வல்லினம் மிகுந்தால் "திருநெல் | வேலிப்" என்று நான்கு நான்காக எட்டுக்கு வந்துவிடும். அதன் முன்னால் நான்கு மாத்திரைச் சொல் ஒன்று இருந்தால் போதும்:

எங்கள் | திருநெல் | வேலிப் | பாதை

"நம்ம" "எங்கள்" ஆனதில் பொருள் கொஞ்சம் மாறுகிறது, கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் நெருக்கம் குறைகிறது. அது இழக்கக் கூடாதது என்றால் "நம்ம" என்பதைத் தட்டுக்கு முன்னால் எடுத்துப் பாடலாம். தாளம் தொடங்கும் முன் பாட்டு தொடங்கும் இதை அதீத எடுப்பு என்பார்கள். அதற்கு முந்தைய வரியின் கடைசித் தட்டு காலியாக இருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே சொல் இருந்தால் இரண்டும் மோதும். இப்படி முன்னால் எடுத்தால் "திருநெல்வேலி" முதல் தட்டுக்கு வந்துவிடும், நான்காம் தட்டுக்கு வேறு சொல் தேட வேண்டும்.

மூச்சு

இப்போது பல்லவி நான்கு வரியும் 16. முழுமையாகச் சமமாகிவிட்டது, அதுவே அடுத்த கோளாறு. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டு 0.75 நொடி, ஒரு வரி 3 நொடி, நான்கு வரி 12 நொடி. அதற்குள் ஓர் இடைவெளிகூட இல்லை. மறுபடி முதல் வரிக்குத் திரும்பும்போது மூச்சு எடுக்க இடமே கிடையாது. பாடுபவர் எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும், நாம் இடம் கொடுக்காவிட்டால் அவர் ஏதாவது ஒரு சொல்லின் வாலை விழுங்கி எடுப்பார். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரு எழுத்து தேய்ந்தால், குரலைக் குறை சொல்லும் முன் வரியைப் பாருங்கள்.

இரண்டாம் வரிக்குப் பின் ஒரு சின்ன மூச்சுப் போதும். அது கேள்வியாக முடிவதால் "கே"யைக் கொஞ்சம் முன்கூட்டியே விட்டாலும் உறுத்தாது. ஆனால் நான்காம் வரிக்குப் பின் முழு மூச்சு வேண்டும். ஆகவே இவ்வளவு பாடுபட்டு 16-க்குக் கொண்டுவந்த வரியிலிருந்து "உண்டே" என்பதை எடுத்துவிடலாம்:

மழையில் | நனைந்த | வாசல் | எங்கே
ஆடிக் | களித்த | திண்ணை | எங்கே
அம்மா | அரைத்த | மஞ்சள் | வாசம்
மூச்சில் | இன்னும் | மிச்சம் | —

"உண்டே" இல்லாமலே வாக்கியம் நிற்கிறது. "மிச்சம்" என்பதன் "ம்" கொஞ்சம் முனகலாக நீண்டு அடங்க, மீதி நேரத்தில் மூச்சு. முன்னால் எடுக்க வேண்டிய சொல் ஏதாவது இருந்தாலும் அந்தக் காலித் தட்டின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மாத்திரைக் கணக்கில் இந்த வரி நான்கு குறைவு. தட்டுக் கணக்கில் சரி.

பாடிச் சரிபார்ப்பது

எழுதியவர் பாடிப் பார்த்தால் பிழை தெரியாது, எங்கே நீட்ட வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். வரிகளைத் தட்டுக்கோடு இல்லாமல் எழுதி, பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் தட்ட அவர் படிக்கட்டும். மெட்டு வேண்டாம், வெறும் வாசிப்புப் போதும். அவர் தயங்கும் இடம், இரண்டு முறை ஒரே மாதிரி வராத இடம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். "திண்ணை"யை அவர் நீட்டாமல் அடுத்த சொல்லுக்கு முந்தினால், அந்த ஒரு மாத்திரைக் குறை உங்களுக்கு மட்டும் புரிந்த ஏற்பாடு என்று பொருள். அப்போது மெட்டில் அந்த எழுத்துக்கு இரண்டு சுரம் கொடுத்து நீட்சியை உறுதிப்படுத்த வேண்டும், அல்லது வேறு சொல் தேட வேண்டும்.

சரணங்களுக்கும் இதே வேலைதான், ஆனால் ஒப்பிடும் திசை மாறும். ஒரு சரணத்தின் வரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, முதல் சரணத்தின் மூன்றாம் வரியை இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரிக்குக் கீழே எழுதித் தட்டுவாரியாகப் பாருங்கள். ஒரே மெட்டைப் பாடப் போவது அவை இரண்டும்தான்.

இந்தக் கணக்கு நான்கு நான்காகப் போகும் நடைக்கு. திஸ்ரத்தில், அதாவது தட்டுக்கு மூன்று என்று போனால், மேலே அழகாக அமர்ந்த வாசல், எங்கே, மஞ்சள் எல்லாம் ஒன்று மிஞ்சும். அங்கே அன்று, காற்று, திண்ணை போன்ற மூன்று மாத்திரைச் சொற்கள்தான் இயல்பாக உட்காரும், ஆகவே நான்குக்கு எழுதியதைத் திஸ்ரத்துக்கு மாற்றுவதைவிடப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும். கும்மி, காவடி போன்ற சிந்து வகைகளில் குறில் நெடில் வேறுபாட்டைப் பாடுபவர் குரலிலேயே சரிக்கட்டிக்கொள்வார். அங்கே ஒற்றை விட்டுவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணி, சீருக்கு இத்தனை என்று பார்க்க வேண்டும்.